எதிரெதிரே இரண்டு பெட்ரோல் பங்க்: பலன் அட்டவணையின் எண்கள் எங்கிருந்து வருகின்றன?

கேள்வி: ஆட்டக் கோட்பாட்டுப் பாடத்தில் எதிரெதிரே இருக்கும் இரண்டு பெட்ரோல் பங்க், விலையைக் குறைக்கலாமா வேண்டாமா என்று ஒரு அட்டவணை கொடுத்திருக்கிறார்கள். நாலு கட்டம், நாலு ஜோடி எண்கள். விடை "இரண்டும் குறைக்கும்" என்று இருக்கிறது. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று யாரும் சொல்லவில்லை. நிஜத்தில் அப்படித்தான் நடக்கிறதா? நடந்தால் பெட்ரோல் விலை ஏன் இறங்கிக்கொண்டே போகவில்லை?

பதில்:

முதலில் ஊரை மாற்றிக்கொள்வோம். தமிழ்நாட்டுப் பங்க்குகளை வைத்து இந்த அட்டவணையை யோசித்தால் குழப்பம்தான் மிஞ்சும். இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்றின் டீலர்களும் விலையைத் தாங்களாக வைப்பதில்லை. 2017 ஜூன் 16 முதல் தினசரி விலை நிர்ணய முறை நாடு முழுக்க வந்தது. காலை 6 மணிக்கு அமலாகும் விலையை எண்ணெய் நிறுவனமே சொல்லிவிடும், டீலருக்கு லிட்டருக்கு இவ்வளவு என்று கமிஷன். "குறைக்கலாமா?" என்ற முடிவே டீலர் கையில் இல்லை. முடிவு இல்லாத இடத்தில் ஆட்டமும் இல்லை.

இந்தப் பாடத்துக்கு அச்சில் வார்த்ததுபோல் பொருந்தும் ஊர் ஒன்று உண்டு: மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த். அங்கே 2001 ஜனவரியில் ஃப்யூயல்வாட்ச் என்ற அரசுத் திட்டம் வந்தது. ஒவ்வொரு பங்க்கும் நாளைய விலையை இன்று மதியம் 2 மணிக்குள் அரசுக்குத் தெரிவித்துவிட வேண்டும். 2:30 மணி முதல் எல்லாருடைய நாளைய விலையும் பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிடும். மறுநாள் காலை 6 மணியிலிருந்து 24 மணி நேரத்துக்கு அந்த விலையை ஏற்றவும் கூடாது, இறக்கவும் கூடாது.

இதன் விளைவைக் கவனியுங்கள். பாடப்புத்தகம் "இருவரும் ஒரே நேரத்தில், மற்றவர் முடிவு தெரியாமல் தேர்வு செய்கிறார்கள்" என்று சொல்லும்போது, யாரய்யா அப்படிச் செய்கிறார்கள் என்று நமக்குத் தோன்றும். எதிர்ப் பக்கத்து விலைப் பலகை கண்ணுக்கு நேரே தெரிகிறதே! பெர்த்தில் அந்த நிபந்தனை சட்டமாகவே இருக்கிறது. 2 மணிக்கு முன் எதிராளி என்ன அனுப்பினார் என்று தெரியாது. தெரிந்தபின் நாளைய விலையை மாற்ற முடியாது. ஒரு நாள் என்பது ஒரு முழு ஆட்டம். ஆகவே அங்கே ஒரு சாலையின் இரு பக்கமும் இரண்டு பங்க் இருப்பதாக வைத்து அட்டவணையைக் கட்டிப் பார்ப்போம். கீழே வரும் சென்ட், லிட்டர் கணக்குகள் நான் போட்ட உதாரண எண்கள். கணக்குப் போடும் முறைதான் முக்கியம்.

கிழக்கு, மேற்கு என்று பெயர் வைப்போம். இருவருக்கும் சரக்கு, போக்குவரத்து, வரி எல்லாம் சேர்த்து லிட்டருக்கு 130 சென்ட் ஆகிறது. பலகையில் 142 சென்ட். ஆக மார்ஜின் 12 சென்ட். ஒரே விலையில் இருக்கும்போது இருவரும் நாளுக்கு ஆளுக்கு 6,000 லிட்டர் விற்கிறார்கள். விலையைக் குறைப்பதென்றால் 138 சென்டுக்கு, அதாவது 4 சென்ட் குறைக்கலாம் என்று ஒரே ஒரு மாற்று வழி வைத்துக்கொள்வோம். அப்போது மார்ஜின் 8 சென்ட்.

இதில் ஒரு எண்ணைத் தவிர மற்றதெல்லாம் கணக்குப் புத்தகத்திலேயே கிடைத்துவிடும். கிடைக்காத அந்த ஒன்று, நான்கு சென்ட் வித்தியாசத்துக்கு எத்தனை வண்டிகள் சாலையைக் கடந்து எதிர்ப் பக்கம் போகும் என்பது. அட்டவணையின் தலையெழுத்தே அந்த எண்ணில்தான் இருக்கிறது. முதலில் வாடிக்கையாளர்கள் விலைக்கு நன்றாக அசைந்துகொடுப்பவர்கள் என்று கொள்வோம். ஒருவர் மட்டும் குறைத்தால் அவர் விற்பனை 10,000 லிட்டராகிறது, மற்றவருடையது 2,500 ஆக இறங்குகிறது. கூட்டினால் 12,500 வருகிறதே என்றால், அந்த 500 லிட்டர் வேறு சாலையில் போடுகிறவர்கள் இங்கே வந்ததால் கிடைத்தது. இருவருமே குறைத்தால் ஆளுக்கு 6,300.

இனி பெருக்கல்தான். இருவரும் விலையை வைத்திருந்தால் 6,000 × 12 சென்ட், 720 டாலர். ஒருவர் மட்டும் குறைத்தால் குறைத்தவருக்கு 10,000 × 8 சென்ட், 800 டாலர். ஏமாந்தவருக்கு 2,500 × 12 சென்ட், 300 டாலர். இருவரும் குறைத்தால் 6,300 × 8 சென்ட், 504 டாலர்.

| | மேற்கு வைத்திருந்தால் | மேற்கு குறைத்தால் |
|---|---|---|
| கிழக்கு வைத்திருந்தால் | 720, 720 | 300, 800 |
| கிழக்கு குறைத்தால் | 800, 300 | 504, 504 |

ஒவ்வொரு கட்டத்திலும் முதல் எண் கிழக்குக்கு, இரண்டாவது மேற்குக்கு. கிழக்கின் இடத்திலிருந்து படிக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு பத்தியை மட்டும் பாருங்கள். மேற்கு விலையை வைத்திருக்கிறதா? அப்படியானால் 720ஐவிட 800 மேல், குறை. மேற்கு குறைத்துவிட்டதா? 300ஐவிட 504 மேல், அப்போதும் குறை. எதிராளி எதைச் செய்தாலும் குறைப்பதே மேல். மேற்குக்கும் இதே கணக்கு. இருவரும் குறைத்து ஆளுக்கு 504இல் போய் நிற்கிறார்கள், பக்கத்துக் கட்டத்தில் ஆளுக்கு 720 காத்திருக்கும்போதே. இதுதான் கைதிகளின் இக்கட்டு. 504, 504 கட்டம்தான் நாஷ் சமநிலை: அங்கிருந்து யாரும் தனியாக நகர்ந்து லாபம் பார்க்க முடியாது. உங்கள் புத்தகத்தின் விடை இதுவரை சரி.

இப்போது அந்த ஒரே ஒரு எண்ணைக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். சாலை நடுவே தடுப்புச் சுவர் இருக்கிறது, எதிர்ப் பக்கம் போக யூ-டர்ன் அடிக்க வேண்டும். அதனால் குறைத்தவருக்கு 10,000 லிட்டர் கிடைக்கவில்லை, 8,500தான். மற்றவரிடம் 3,500 தங்கிவிட்டது. வேறு எதையும் மாற்றவில்லை.

| | மேற்கு வைத்திருந்தால் | மேற்கு குறைத்தால் |
|---|---|---|
| கிழக்கு வைத்திருந்தால் | 720, 720 | 420, 680 |
| கிழக்கு குறைத்தால் | 680, 420 | 504, 504 |

இது கைதிகளின் இக்கட்டு இல்லை. மேற்கு வைத்திருக்கும்போது கிழக்கு குறைத்தால் 720 போய் 680தான் வரும். குறைக்க ஆசையே கிடையாது. ஆனால் மேற்கு குறைத்துவிட்டால் 420ஐவிட 504 மேல், கிழக்கும் குறைத்தாக வேண்டும். இரண்டு சமநிலைகள் இருக்கின்றன: இருவரும் வைத்திருப்பது ஒன்று, இருவரும் குறைப்பது இன்னொன்று. எதில் போய் நிற்பார்கள் என்பதை எண்கள் சொல்லாது, ஒருவர் மற்றவரைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதுதான் சொல்லும். ஒரு தடுப்புச் சுவர் ஆட்டத்தின் பெயரையே மாற்றிவிட்டது. "இரண்டு பங்க் என்றால் கைதிகளின் இக்கட்டு" என்று மனப்பாடம் செய்கிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

எல்லைக்கோடு எங்கே என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எதிராளி விலையை வைத்திருக்கும்போது, குறைக்கும் தொகையைப் புது மார்ஜினால் வகுங்கள். 4ஐ 8ஆல் வகுத்தால் பாதி. அதாவது விற்பனை 50 சதவீதத்துக்கு மேல் கூடினால்தான், 6,000 லிட்டர் 9,000ஐத் தாண்டினால்தான், குறைத்ததில் லாபம். முதல் அட்டவணையில் 10,000, தாண்டியது. இரண்டாவதில் 8,500, தாண்டவில்லை. பழைய மார்ஜினால் வகுத்து 33 சதவீதம் என்று எழுதுவது வழக்கமான பிழை. இழப்பது 4 சென்ட், ஆனால் அந்த இழப்பை ஈடுகட்ட வருகிற ஒவ்வொரு புது லிட்டரும் 8 சென்ட்தான் தரும்.

இந்த வகுத்தலை வைத்துக்கொண்டு இன்னொரு கேள்வி கேட்கலாம். ஏன் 4 சென்ட்? 1 சென்ட் மட்டும் குறைத்தால்? ஒன்றைப் பதினொன்றால் வகுத்தால் 9 சதவீதம். சுமார் 550 லிட்டர் கூடுதலாக விற்றாலே போதும், குறைப்பு லாபம்தான். தடுப்புச் சுவர் இருந்தால்கூட ஒரு சென்ட்டுக்கு அவ்வளவு பேர் திரும்புவது நடக்கக்கூடியதே. அப்படியானால் பெரிய குறைப்புக்கு மயங்காத பங்க்கும் சின்னக் குறைப்புக்கு மயங்கும். விலைப்போர் என்றதும் ஒரேயடியாக வெட்டிச் சாய்ப்பதாக நாம் கற்பனை செய்கிறோம். பெட்ரோல் விலை உண்மையில் இறங்குவது ஒன்றிரண்டு சென்டாகக் கொறித்துக்கொண்டுதான்.

ஆனால் கொறிக்கக் கொறிக்க ஆசை தேய்கிறது. மார்ஜின் 12லிருந்து 11க்குப் போக 9 சதவீத விற்பனை கூடினால் போதும். 4லிருந்து 3க்குப் போக 33 சதவீதம் கூட வேண்டும். 2லிருந்து 1க்குப் போவதென்றால் விற்பனை இரட்டிப்பாக வேண்டும். ஒரு சென்ட்டுக்காக எந்தத் தெருவிலும் வியாபாரம் இரட்டிப்பாகாது. ஆகவே ஏதோ ஒரு கட்டத்தில் இறக்கம் தானாக நிற்கும். "விலை ஏன் இறங்கிக்கொண்டே போகவில்லை" என்ற உங்கள் கேள்விக்குப் பாதி விடை இதுதான்.

மீதிப் பாதி இதைவிடச் சுவையானது. அடிமட்டத்தில் நிற்கும் இரண்டு பங்க்கும் அங்கேயே கிடப்பதில்லை. மார்ஜின் 2 சென்ட், ஆளுக்கு 6,000 லிட்டர் என்றால் நாளுக்கு 120 டாலர். ஆளுக்குச் சம்பளம் கொடுக்கவே காணாது. இப்போது முடிவு வேறு: குறைப்பதா வேண்டாமா என்பதல்ல, பழைய 12 சென்ட் மார்ஜினுக்கு ஒரேயடியாக ஏற்றுவதா, அடியிலேயே இருப்பதா என்பது. ஒருவர் மட்டும் ஏற்றினால் 10 சென்ட் வித்தியாசம். அவரிடம் விஷயம் தெரியாதவர்களும் டேங்க் காலியாகி வேறு வழியில்லாதவர்களும் மட்டுமே வருவார்கள். 800 லிட்டர் என்று வைப்போம், 96 டாலர். அடியிலேயே இருந்தவர் 11,200 லிட்டர் விற்று 224 டாலர் எடுக்கிறார். இருவரும் ஏற்றினால் ஆளுக்கு மறுபடி 720.

| | மேற்கு அடியில் இருந்தால் | மேற்கு ஏற்றினால் |
|---|---|---|
| கிழக்கு அடியில் இருந்தால் | 120, 120 | 224, 96 |
| கிழக்கு ஏற்றினால் | 96, 224 | 720, 720 |

மற்றவர் ஏற்றுவார் என்று தெரிந்தால் ஏற்றுவதே மேல், 720க்கும் 224க்கும் ஒப்பீடே இல்லை. மற்றவர் ஏற்றமாட்டார் என்றால் ஏற்றுவது நஷ்டம். இருவருக்கும் ஏற்ற ஆசை, யார் முதலில் என்பதுதான் சிக்கல். சாதாரண ஊரில் முதலில் ஏற்றியவர் இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, எதிராளி அசையவில்லையென்றால் இறக்கிக்கொள்ளலாம். பெர்த்தில் முடியாது. 24 மணி நேரம் பூட்டப்பட்ட விலை. முன்னின்று ஏற்றுகிறவருக்குத் தண்டனை அங்கே அதிகம். நுகர்வோரைக் காக்கக் கொண்டுவந்த விதி இந்த இடத்தில் நன்றாகவே வேலை செய்யும் என்றுதான் அட்டவணையைப் பார்க்கிற எவரும் சொல்வார்கள்.

விலை பல நாள் மெல்ல இறங்கி, ஒரே நாளில் எகிறி, மறுபடி மெல்ல இறங்கும் இந்த வடிவத்துக்கு எட்ஜ்வொர்த் சுழற்சி என்று பெயர். எரிக் மாஸ்கின், ழான் டிரோல் என்ற பொருளியலாளர்கள் 1988இல் இதை முறையான மாதிரியாக்கிக் காட்டினார்கள். இருவர் மாறி மாறி விலை வைத்தால், எந்தச் சதியும் இல்லாமலே இந்த ரம்பப்பல் வடிவம் வரலாம் என்று அவர்கள் நிறுவினார்கள். ஆஸ்திரேலிய நகரங்களின் பெட்ரோல் விலை வரைபடத்தைப் பார்த்தால் பல்லை எண்ணலாம்.

பெர்த்தில் நடந்தது இன்னும் ஒரு படி மேலே போனது. டேவிட் பர்ன், நிக்கோலா டி ரூஸ் என்ற இரு பொருளியலாளர்கள் ஃப்யூயல்வாட்ச் பதிவுகளிலிருந்து பெர்த் பங்க்குகளின் பல ஆண்டு தினசரி விலைகளை எடுத்து ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். அப்போது அங்கே பெரிய கைகள் பிபி, கால்டெக்ஸ், கோல்ஸ், வுல்வொர்த்ஸ், கல் என்ற ஐந்து நிறுவனங்கள். இதில் பிபிதான் முன்னோடி. தொடக்க ஆண்டுகளில் விலை எப்போது எகிறும் என்பதில் ஒழுங்கு இல்லை. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிபி தன் விலைகளை வைத்தே சோதனைகள் செய்தது. தான் முன்னின்று ஏற்றுவது, மற்றவர்கள் பின்னால் வருகிறார்களா என்று பார்ப்பது, அடுத்த வாரம் மறுபடி செய்வது. சில ஆண்டுகளில் எல்லாரும் ஒரு வடிவத்துக்கு வந்து சேர்ந்தார்கள்: வியாழக்கிழமை ஏற்றம், அடுத்த நாட்களில் நாளுக்கு 2 சென்ட் வீதம் இறக்கம், மறுபடி வியாழன். மார்ஜின்கள் முன்பைவிட உயர்ந்தன.

மேலே உள்ள மூன்றாவது அட்டவணையை மறுபடி பார்த்தால் வியாழக்கிழமையின் வேலை புரியும். "மற்றவர் ஏற்றுவாரா?" என்ற ஒரே சந்தேகம்தான் 120இல் இருவரையும் கட்டிப்போட்டிருந்தது. வியாழன் என்றால் ஏற்றம் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டால், அந்த ஒரு நாளில் சந்தேகம் இல்லை. தொலைபேசி வேண்டாம், கூட்டம் வேண்டாம், காலண்டர் போதும். நாளுக்கு 2 சென்ட் என்ற இறக்கமும் அப்படித்தான். யாராவது ஒரே நாளில் 5 சென்ட் இறக்கினால் அது போட்டியாளரின் அத்துமீறல் என்று எல்லாருக்கும் உடனே தெரியும். 2 சென்ட் என்றால், அது வழக்கம்.

இங்கே ஃப்யூயல்வாட்ச் இருபுறமும் வெட்டியது. மக்களுக்கு நாளைய விலை தெரிந்தது, மலிவான நாளில் டேங்க்கை நிரப்பிக்கொள்ள முடிந்தது. அதே பக்கத்தைப் போட்டியாளர்களும் ஒவ்வொரு நாளும் பார்த்தார்கள், எல்லாப் பங்க்கின் விலையும், பிழையில்லாமல், இலவசமாக. இது ஏன் முக்கியம் என்று காட்ட முதல் அட்டவணைக்குத் திரும்புகிறேன்.

ஒரே ஒரு நாள் ஆட்டம் என்றால் குறைப்பதுதான் விடை. ஆனால் கிழக்கும் மேற்கும் நாளையும் எதிரெதிரேதான் இருக்கப் போகிறார்கள். கிழக்கு இன்று குறைத்தால் 80 டாலர் கூடுதல் லாபம், 720க்குப் பதில் 800. மேற்கு அதைப் பார்த்து நாளை முதல் தானும் குறைத்துவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கிழக்குக்கு 216 டாலர் நஷ்டம், 720க்குப் பதில் 504. ஒரு நாள் 80க்காக நாள்தோறும் 216ஐ இழக்க யாராவது முன்வருவார்களா? நாளையும் இந்த ஆட்டம் தொடரும் என்பதற்கு நூற்றுக்கு 27க்கு மேல் வாய்ப்பு இருந்தாலே, விலையை வைத்திருப்பதுதான் கிழக்குக்கு லாபம். 80ஐ 296ஆல் (800லிருந்து 504ஐக் கழித்தது) வகுத்தால் கிடைப்பது அந்த 27 சதவீதம்.

இப்போது மேற்குக்கு கிழக்கின் குறைப்பு தெரியவர ஐந்து நாள் ஆகிறது என்று வையுங்கள். பலகையில் 142 என்றே எழுதியிருக்கிறது, வாடிக்கையான டாக்சிக்காரர்களுக்கு மட்டும் காதோடு காதாகத் தள்ளுபடி. ஐந்து நாளும் கிழக்குக்கு 80 வீதம் கிடைக்கிறது, தண்டனை ஆறாம் நாள்தான் தொடங்குகிறது. அதே கணக்கைப் போட்டால் வரம்பு நூற்றுக்கு 27லிருந்து 77க்குத் தாவுகிறது. போட்டியாளர் எவ்வளவு சீக்கிரம் பார்க்கிறார் என்பதே விலையைத் தாங்கிப் பிடிக்கிறது. வெளிப்படைத்தன்மை என்றாலே நுகர்வோருக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லாததற்கு இதுதான் காரணம். யாருக்கு வெளிப்படை என்பதையும் கேட்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் போட்டி ஆணையம் இதே கவலையோடு 2014 ஆகஸ்டில் நீதிமன்றம் போனது. இன்ஃபார்ம்டு சோர்சஸ் என்ற தனியார் நிறுவனம் பெரிய சில்லறை விற்பனையாளர்களின் விலைகளைத் திரட்டி, அடிக்கடி புதுப்பித்து, அவர்களுக்கே சந்தா முறையில் கொடுத்துக்கொண்டிருந்தது. மெல்போர்னில் இது போட்டியைக் குறைக்கக்கூடும் என்பது வழக்கு. 2015 டிசம்பரில் சமரசமாக முடிந்தது. அதே தகவலைப் பொதுமக்களுக்கும் அதே நேரத்தில் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். போட்டியாளர் பார்ப்பதை நிறுத்தவில்லை, வாடிக்கையாளரும் பார்க்கட்டும் என்று வைத்தார்கள். அட்டவணையின் மொழியில் சொன்னால், எதிராளி வேகமாகப் பார்ப்பதால் குறைக்கும் ஆசை தேய்கிறது, வாடிக்கையாளர் வேகமாகப் பார்ப்பதால் குறைத்தவரிடம் ஓடிவரும் லிட்டர் கூடி ஆசை வளர்கிறது. எது வெல்லும் என்பது ஊருக்கு ஊர் மாறும்.

வியாழக்கிழமை போன்ற வழக்கம் ஒன்று உருவாகாத இடத்தில் என்ன செய்வார்கள்? கனடாவின் கியூபெக் மாகாணத்தில் போன் போட்டார்கள். தெட்ஃபோர்ட் மைன்ஸ், விக்டோரியாவீல், ஷெர்புரூக், மகோக் ஆகிய ஊர்களின் பங்க் நடத்துநர்கள் எத்தனை மணிக்கு, எவ்வளவு ஏற்றுவது என்று பேசிக்கொண்டதைப் போட்டித்துறை அதிகாரிகள் ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்தார்கள். 2008இல் குற்றச்சாட்டுகள் பதிவாயின, பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் பேசியதன் பெரும்பகுதி நம் மூன்றாவது அட்டவணையைப் பற்றித்தான்: நீ ஏற்றுவாயா, அவன் ஏற்றிவிட்டானா, எப்போது. பேசினால் அது குற்றம். பேசாமல் ஒருவரை ஒருவர் பார்த்தே அதே இடத்துக்கு வந்தால் பெரும்பாலான நாடுகளின் சட்டம் தொடாது. பலன் அட்டவணையில் இரண்டுக்கும் ஒரே கட்டம்தான், சட்டத்துக்குத்தான் அவை வேறு வேறு.

இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். ஒன்று சின்னது. பெர்த்தில் பெரிய நிறுவனங்களின் பங்க்குகள் பலவற்றில் விலையை வைப்பது தலைமை அலுவலகம். ஆகவே "இரண்டு பங்க்" என்று நான் சொன்னது உண்மையில் பல தெருக்களில் ஒரே நேரத்தில் மோதிக்கொள்ளும் சில அலுவலகங்கள். ஒரு தெருவில் காட்டும் பொறுமைக்குக் காரணம் இன்னொரு தெருவில் இருக்கலாம்.

இன்னொன்று பெரியது, பாடப்புத்தக அட்டவணைகளில் அநேகமாக எப்போதும் விடுபடுவது: கடை. பங்க் என்பது பெட்ரோலோடு காபி, குளிர்பானம், சிகரெட் விற்கும் கடையும்தான். ஒரு வண்டி சராசரியாக 40 லிட்டர் போடுகிறது, அதே ஆள் உள்ளே வாங்குவதில் 80 சென்ட் லாபம் கிடைக்கிறது என்று கொள்ளுங்கள். லிட்டருக்கு 2 சென்ட் ஆயிற்று. இப்போது உண்மையான மார்ஜின் 12 அல்ல 14, குறைத்த பின் 8 அல்ல 10. தடுப்புச் சுவர் இருந்த இரண்டாவது அட்டவணையில் இதைப் போட்டுப் பாருங்கள்.

| | மேற்கு வைத்திருந்தால் | மேற்கு குறைத்தால் |
|---|---|---|
| கிழக்கு வைத்திருந்தால் | 840, 840 | 490, 850 |
| கிழக்கு குறைத்தால் | 850, 490 | 630, 630 |

840ஐவிட 850 மேல், 490ஐவிட 630 மேல். மறுபடி கைதிகளின் இக்கட்டு! தடுப்புச் சுவர் விலக்கிவைத்த இக்கட்டைக் காபி மெஷின் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. வித்தியாசம் 10 டாலர்தான் என்பதால் தொடர் ஆட்டத்தில் அந்த ஆசை சீக்கிரமே அடங்கிவிடும், ஆனாலும் குணம் மாறியது மாறியதுதான். கோல்ஸ், வுல்வொர்த்ஸ் போன்ற சூப்பர் மார்க்கெட் சங்கிலிகள் மளிகை பில்லைக் காட்டினால் லிட்டருக்கு 4 சென்ட் தள்ளுபடி கொடுத்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். அவர்களுக்கு ஒரு லிட்டரின் மார்ஜின் பெட்ரோலோடு முடிவதில்லை, மளிகைக் கூடை வரை போகிறது. எதிரே பெட்ரோலை மட்டும் நம்பி இருப்பவரின் மார்ஜின் பம்ப்பிலேயே முடிந்துவிடும். அப்போது அட்டவணையின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, கிழக்குக்கு ஒரு ஆட்டம், மேற்குக்கு வேறொரு ஆட்டம்.

தேர்வில் அட்டவணை எண்களோடு வந்தால் பத்தி பத்தியாகப் படித்துச் சமநிலையைக் குறித்துவிடுங்கள், அங்கே வேறு வேலையில்லை. "ஒரு அட்டவணை அமைக்க" என்று கேட்டால் நாலு எண்ணைக் காற்றிலிருந்து பிடிக்காதீர்கள். மார்ஜின், விற்பனை, எத்தனை லிட்டர் இடம் மாறும் என்ற மூன்றையும் முதலில் எழுதி, கட்டங்களைப் பெருக்கி நிரப்புங்கள். ஒருவர் மட்டும் குறைக்கும் கட்டத்தில் இரண்டு பங்க்கின் லிட்டரையும் கூட்டிப் பாருங்கள். இருவரும் பழைய விலையில் இருந்தபோது விற்றதைவிட அது மிகவும் அதிகமாக வந்தால், அந்தக் கூடுதல் வண்டிகள் எந்தச் சாலையிலிருந்து வந்தன என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.